பிரிட்டிஷ் சக ஊழியர்களோடு கிண்டலும் கேலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனுக்கு வேலைக்கு வந்து சேரும் நம்மவர்கள், சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து பிரிட்டிஷ் டீமோடு வேலை பார்ப்பவர்கள், இரண்டு தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதல் கேள்விகளின் பதில்கள் பின்னால் தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எங்க டீம்ல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கிட்டே இருக்காங்க. அப்ப நானும் சேர்ந்துக்கலாம்ல?

சேர்ந்துகொள்ளலாம். சேராமல் ஒதுங்கி இருந்தால் "இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல" என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் முதல் சில வாரங்கள் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எவ்வளவு வாருகிறார்கள் என்பதை விட, எதை வாருகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் ஆதரிக்கும் கால்பந்து அணி போன வாரம் தோற்றது, தினமும் ஒரே சாண்ட்விச்சைத் தின்பது, காரை இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தாமல் கோணலாக நிறுத்தியது, எக்செல் ஷீட்டுக்கு ஏழு வண்ணம் அடித்தது. எல்லாமே அந்த ஆள் செய்தவை அல்லது தானாகத் தேர்ந்தெடுத்தவை. நினைத்தால் நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடியவை.

நம் ஊர்க் கலாய்ப்பு பெரும்பாலும் உடம்பிலிருந்துதான் தொடங்குகிறது. குண்டு, ஒல்லி, கறுப்பு, சொட்டை, குள்ளம். அதற்கு அடுத்தபடி கல்யாணம், குழந்தை, மாமியார் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்தே பட்டப்பெயராகக் கேட்டு வளர்ந்ததால் நமக்கு அது உரிமையோடு பேசுவதாகத் தெரிகிறது. பிரிட்டிஷ் அலுவலகத்தில் இவையெல்லாம் தொடக்கூடாத இடங்கள். இங்கே புதிதாக வருகிறவர்கள் "நான் ரொம்ப ஜாலியாப் பேசிட்டேனோ" என்று குரலையும் அளவையும் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். குறைக்க வேண்டாம், குறியை மாற்றினால் போதும். கீழே வரும் பல பதில்களுக்கு அடிப்படை இதுதான்.

அவங்க முகத்துல சிரிப்பே இல்ல. ஜோக் அடிக்கிறாங்களா, நிஜமாவே திட்டுறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கொங்குப் பக்கத்து ஆட்கள் இதை மற்றவர்களை விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூர்க் குசும்பும் இதே ரகம்தான். குரல் ஏறாது, முகம் அசையாது, "ங்க" போட்டு மரியாதையாகவே பேசி ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். சினிமா நகைச்சுவையில் பழகிய நமக்கு ஜோக் என்றால் ஜோக் என்று முகம் காட்ட வேண்டும். பிரிட்டிஷ் வழக்கத்தில் முகம் காட்டிவிட்டால் பாதி ஜோக் போய்விட்டது.

அடையாளம் சொல்கிறேன். சொன்னது நடந்ததோடு அளவுக்குப் பொருந்தாது. ஒன்பது மணி அலுவலகத்துக்கு ஒன்பது ஐந்துக்கு வருகிறீர்கள், "குட் ஆஃப்டர்நூன்" என்கிறார். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் கணக்கு சொன்னால் அது ஜோக். ஒரு சின்ன எழுத்துப்பிழைக்கு "கம்பெனியே மூழ்கிடுச்சு" என்றால் அதுவும் அப்படித்தான்.

இன்னொரு அடையாளம் இடம். உண்மையான குறையைப் பிரிட்டிஷ் மேலாளர் பெரும்பாலும் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப மென்மையாகச் சொல்வார். "அடுத்த தடவை இதை இன்னும் கொஞ்சம் முன்னாடியே பார்க்க முடியுமா?" என்று கேட்டால் அது கண்டிப்பு. பத்துப் பேர் நடுவில் கடுமையாகச் சொன்னால் விளையாட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் ஊரில் பழகிய கணக்கு தலைகீழாக இருப்பதால்தான் பலர் விளையாட்டுக்குத் தூக்கம் கெட்டு, கண்டிப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். எல்லா மேலாளரும் இப்படி இல்லை. பத்துப் பேர் நடுவில் சொல்லும்போது மற்றவர்கள் யாரும் வாய் திறக்காமல் மேஜையைப் பார்த்தால், அது விளையாட்டு இல்லை.

"கொஞ்சம் சிக்கல்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் பெருசா எடுத்துக்கல. அப்புறம் பார்த்தா பெரிய பிரச்சினை. ஏன் ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கறாங்க?

அவர் பார்வையில் ஒழுங்காகத்தான் சொன்னார். நிலைமை எவ்வளவு மோசமோ அவ்வளவு சின்னதாகச் சொல்வது அவர்கள் நகைச்சுவையின் ஒரு கிளை. கூரையே பிய்த்துக்கொண்டு போனாலும் "கொஞ்சம் காத்து" என்பார்கள். கூட வளர்ந்தவருக்கு அது அபாய மணியாகக் கேட்கும். மற்றவருக்குக் கேட்காது.

ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1951 ஏப்ரலில் கொரியப் போரில் இம்ஜின் ஆற்றுப் பக்கம் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படை பெரும் எண்ணிக்கையில் தாக்கியது. அதன் தளபதி தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் "நிலைமை கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது" என்ற அளவில்தான் சொன்னாராம். சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. அந்த ஒரு வாக்கியம் மட்டுமே தோல்விக்குக் காரணம் இல்லை. ஆனாலும் அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்த, குன்றின் மேல் மாட்டிக்கொண்ட குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் பட்டாலியன் ஏறக்குறைய முழுவதும் சிதைந்தது. 500க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

எனவே பிரிட்டிஷ்காரர் "கொஞ்சம்" என்றால் அளவு கேளுங்கள். "எத்தனை வாடிக்கையாளருக்குப் பாதிப்பு? இன்று சாயங்காலத்துக்குள் சரியாக வேண்டுமா, நாளைக்கு ஆகலாமா?" இப்படிக் கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஜோக்கைப் புரிந்துகொள்ளவில்லை என்று சிரிக்கவும் மாட்டார்கள்.

என்னைக் கிண்டல் பண்ணா என்ன பதில் சொல்றது? சும்மா சிரிச்சா போதுமா?

முதல் மாதம் சிரித்தால் போதும். அதற்குப் பிறகும் சிரிப்பு மட்டுமே பதிலாக இருந்தால், உங்களுக்கு வலிக்கிறதோ என்று சந்தேகம் வந்து மெல்ல விட்டுவிடுவார்கள். கூடவே பேச்சும் குறையும்.

எளிய வழி ஒன்று உண்டு. மறுக்காமல் ஒப்புக்கொண்டு, இன்னும் ஒரு படி பெரிதாக்குங்கள். பல அலுவலகங்களில் டீ ரவுண்ட் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தனக்கு டீ போடப் போகிறவர் எல்லாருக்கும் சேர்த்துப் போட வேண்டும். உங்கள் முறையை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஒருவர் கெட்டிலைக் காட்டி, "இதை எப்படிப் போடறதுன்னு பயிற்சி வகுப்பு வேணுமா?" என்கிறார். "இல்லல்ல, நான் கால்ல இருந்தேன்" என்று விளக்கம் சொன்னால் பேச்சு அங்கேயே செத்துவிடும். "சேர்ந்துட்டேன், ரெண்டு வருஷப் படிப்பாம், இப்பதான் முதல் செமஸ்டர்" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போங்கள். அன்றைக்கு நீங்கள் அந்த டீமில் ஒருவர். எழுந்து போவது முக்கியம். வாயால் மட்டும் பதில் சொல்லி டீ போடாமல் இருந்தால் அடுத்த முறை வரும் கிண்டலில் கொஞ்சம் உண்மை இருக்கும்.

செய்யக்கூடாதது, வாங்கிய அடியை விடப் பெரிதாகத் திருப்பிக் கொடுப்பது. நம் ஊரில் கவுன்டர் என்றால் எதிராளி எழுந்திருக்கவே கூடாது, அப்போதுதான் கைதட்டல். இங்கே டீயைப் பற்றிச் சொன்னவரிடம் டீ அளவுக்குத்தான் திருப்ப வேண்டும். அவருடைய விவாகரத்தைத் தொடக்கூடாது.

அவங்களே தங்களை மட்டம் தட்டிக்கிறாங்களே, "நான் இதுல சுத்த மோசம்"னு. அதுக்கு ஆமாம் போடலாமா?

கூடாது. "ஐயோ, நீங்க சூப்பர்" என்று விழுந்து விழுந்து ஆறுதல் சொல்லவும் வேண்டாம், அது அவரைச் சங்கடப்படுத்தும். உங்களுடைய ஒரு சின்னக் குறையைச் சொல்லி ஈடுகட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "எனக்கு டேட்டாபேஸ் கொஞ்சம் தெரியும்" என்று சொல்கிறவர் அந்தக் கட்டடத்திலேயே அதில் பெரிய ஆளாக இருக்கலாம். நம்பி அவருக்கே பாடம் எடுக்காதீர்கள்.

லீவு முடிஞ்சு வந்தவர்கிட்ட "வெயிட் போட்டுட்டீங்களே, வீட்டுச் சாப்பாடு ஜோரோ"ன்னு அன்பாத்தான் கேட்டேன். முகம் மாறிடுச்சு. இப்ப என்ன பண்றது?

அடிக்கடி வரும் நிகழ்வு இது. முழுதாகவே பார்ப்போம்.

நம் காதில் அந்தக் கேள்வி "நல்லா இருக்கீங்க, சந்தோஷமா இருக்கீங்க" என்பதாக விழும். அவர் காதில் உடம்பைப் பற்றிய தீர்ப்பாக, அதுவும் பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி விழுந்தது. முதல் பதிலில் சொன்ன தொடக்கூடாத இடம். அவர் மருந்து எடுத்துக்கொண்டு எடை கூடியவராக இருக்கலாம், மாதக்கணக்கில் உணவுக் கட்டுப்பாட்டில் போராடுகிறவராக இருக்கலாம். உங்களுக்குத் தெரிய வழியில்லை.

வலித்ததை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உதட்டைத் திறக்காமல் ஒரு சிரிப்பு, "ரைட்… எனிவே" என்று ஒரு சொல், பிறகு நாற்காலி திரைப்பக்கம் திரும்பிவிடும். அடுத்த சில நாட்களில் உங்களிடம் பேசும் ஆங்கிலம் திடீரென மரியாதை கூடி, மின்னஞ்சல் நடைக்கு மாறும். நேரில் கேட்டிருக்கக்கூடிய சின்ன விஷயத்துக்கும் மெயில் வரும். மற்றவர்களைக் கிண்டல் செய்கிறவர் உங்களை மட்டும் விட்டுவிடுவார். ஒருவர் உங்களைக் கலாய்ப்பதை நிறுத்தினால், அங்கே அது விலகலின் அறிகுறி.

அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் காலையில், தனியாக இருக்கும்போது போய்ச் சொல்லுங்கள்: "நேத்து உங்க உடம்பைப் பத்தி நான் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க." அவ்வளவுதான். "எங்க ஊர்ல இதெல்லாம் பாசம்" என்று சேர்க்காதீர்கள். சேர்த்தால், புரிந்துகொள்ளாதது அவர் குறை என்று ஆகிவிடும். மன்னிப்புக்காக மூன்று முறை திரும்பிப் போகவும் வேண்டாம். அவர் உடனே "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். யாராக இருந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சில நாள் கழித்து உங்கள் டீயையோ உங்கள் சென்னை சூப்பர் கிங்ஸ் மோகத்தையோ அவராகவே கிண்டல் செய்தால், அன்று சரியாகிவிட்டது என்று அர்த்தம். அதுவரை அவரிடம் வேலைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தலையில முடி இல்லாததைச் சொன்னா கூடவா தப்பு? அவரே அதைச் சொல்லிச் சிரிக்கிறாரே?

அவர் சொல்லிக்கொள்ளலாம். தன்னைத் தானே கேலி செய்யும் உரிமையை அவர் மற்றவருக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை.

சொட்டை பற்றி ஒரு தீர்ப்பே இருக்கிறது. மேற்கு யார்க்‌ஷயரில் பீப்பாய்களுக்கு அடைப்பான் செய்யும் தொழிற்சாலையில் ஏறக்குறைய 24 ஆண்டுகள் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர். 2019இல் ஒரு தகராறில் மேற்பார்வையாளர் ஒருவர் அவரை "சொட்டை" என்று சொல்லி, கூடவே ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துத் திட்டினார். வழக்கு தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனது. முடி கொட்டுவது பெண்களை விட ஆண்களுக்கே மிக அதிகம், எனவே அந்தச் சொல் பாலினத்தோடு தொடர்புடைய துன்புறுத்தல் என்று 2022இல் தீர்ப்பு வந்தது. பெண்களுக்கும் முடி கொட்டுமே என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. 2023இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

அது விளையாட்டாகச் சொன்னதில்லை, சண்டையில் சொன்னது. எனவே ஒரு சொட்டை ஜோக் சொன்னால் மறுநாள் வழக்கு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பாயம் வேறொன்றையும் கவனித்தது. அந்தத் தொழிற்சாலையில் கெட்ட வார்த்தைகள் சகஜம், அந்த எலக்ட்ரீஷியனும் அதற்காகக் குறை சொன்னவரில்லை. பேச்சு அவருடைய தோற்றத்தைத் தொட்டபோதுதான் எல்லை தாண்டியது. எவ்வளவு கரடுமுரடான இடமானாலும் உடம்பு தனிக் கணக்கு.

"எனக்கு அப்படி ஒரு நோக்கமே இல்ல"ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்களா?

சட்டப்படி அது மட்டும் போதாது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 26ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. வயது, ஊனம், இனம், மதம், பாலினம், பாலின மாற்றம், பாலின ஈர்ப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய, கேட்பவர் விரும்பாத பேச்சு அவருடைய கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு இருந்தாலும் குற்றச்சாட்டு நிற்கும், நோக்கம் இல்லாமலே அந்த விளைவு ஏற்பட்டாலும் நிற்கும். விளைவை அளக்கும்போது கேட்டவர் எப்படி உணர்ந்தார், சூழ்நிலை என்ன, அப்படி உணர்ந்தது நியாயமா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். கடைசி ஒன்று உங்களுக்கும் பாதுகாப்புதான். யாரோ எதற்கோ முகம் சுளித்தார் என்பதற்காக மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்.

வேலை முடிந்து போகும் பப்பும், கிறிஸ்துமஸ் பார்ட்டியும், டீமின் வாட்ஸ்அப் குழுவும் இந்தக் கணக்கில் அலுவலகத்தின் நீட்சியாகவே பெரும்பாலும் பார்க்கப்படும். 2024 அக்டோபர் 26 முதல், பாலியல் தொல்லை நடக்காமலே தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமையும் நிறுவனங்களுக்கு வந்துவிட்டது. அதனால் முன்பு மேலாளர் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய "டபுள் மீனிங்" ஜோக்குகளை இப்போது அவரே நிறுத்துவார்.

ஆனா அவங்க என் உச்சரிப்பைக் கிண்டல் பண்றாங்களே? ஒருத்தர் என் பேரை வேணும்னே தப்பாச் சொல்றார். அது மட்டும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலே சொன்ன சட்டம் உங்களுக்கும்தான். இனம் என்ற சொல்லுக்குள் தோலின் நிறமும் நாடும் பூர்வீகமும் அடங்கும்.

உச்சரிப்பு விஷயத்தில் மட்டும் ஒரு வேறுபாடு பார்க்க வேண்டும். லிவர்பூல்காரரை மான்செஸ்டர்காரரும், பர்மிங்காம்காரரை எல்லாரும் உச்சரிப்புக்காகக் கேலி செய்வார்கள். அந்த வட்டத்துக்குள் உங்களையும் இழுத்து, நீங்கள் திருப்பி அவர் பேச்சைப் போலச் செய்து காட்டினால் அவரும் சிரிக்கிறார் என்றால், உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டி ஒரு கார்ட்டூன் இந்தியக் குரலில் பதில் சொன்னால், நீங்கள் திருப்பிச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோனால், அது வேறு. ஒரு வழிக் கிண்டல் கிண்டலே இல்லை.

பெயரை வேண்டுமென்றே சிதைக்கிறவரிடம், மற்றவர்கள் இல்லாதபோது, சிரிக்காமல் சொல்லுங்கள்: "என் பேர் இது. இப்படித்தான் சொல்லணும். தப்பாச் சொல்றது எனக்குப் பிடிக்கல." பலர் இதிலேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அதுவரை சிரித்துக்கொண்டிருந்ததால் பிடித்திருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் தேதி, சொன்ன சொல், யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். அதைக் கொண்டுபோய் மேலாளரிடம் பேசுங்கள். அசையவில்லை என்றால் எழுத்து மூலம் முறையான புகார். ஏகாஸ் என்ற அரசு சார்ந்த அமைப்பின் தொலைபேசி உதவி இலவசம், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். விசா நிறுவனத்தின் கையில் இருக்கிறதே என்று மௌனமாகத் தாங்கிக்கொள்பவர்கள் நம்மிடையே அதிகம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் குறிப்பு எழுதி வைப்பதை மட்டுமாவது முதல் நாளிலிருந்து செய்யுங்கள்.

டீம்ஸ் சாட்ல, மெயில்ல ஜோக் அடிக்கலாமா?

முகம் அசையாத ஜோக்கை எழுத்தில் போட்டால் மிச்சம் இருப்பது திட்டு மட்டும். இதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்து 2005இல் வெளிவந்தது. சில வாக்கியங்களை நையாண்டியாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 தடவை. பூவா தலையா போட்டாலே 50 வரும். அதையே குரலில் சொன்னபோது 73. ஒரே நாட்டில் வளர்ந்தவர்களுக்குள்ளேயே இந்த நிலை.

நேரில் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் வாரிப் பழகியவரோடு மட்டும், இருவருக்கும் தெரிந்த பழைய ஜோக்கின் தொடர்ச்சியாக மட்டும் எழுத்தில் விளையாடுங்கள். எழுதியது ஸ்க்ரீன்ஷாட்டாகப் போய், சூழ்நிலை தெரியாத மூன்றாவது ஆள் கையில் சேரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நாலு தமிழ் ஆளுங்க ஒண்ணா உட்கார்ந்து தமிழ்ல பேசிச் சிரிச்சா ஏன் சங்கடப்படறாங்க?

தங்களைப் பற்றித்தான் சிரிக்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள். அவர் பெயரோ ஒரு ஆங்கிலச் சொல்லோ நடுவில் விழுந்தால் நிச்சயமாக நினைப்பார்கள். தமிழில் பேசுவதை விட வேண்டாம். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் எதற்குச் சிரித்தோம் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள்.

இங்கேயே பிறந்த நம்ம தமிழ்ப் பிள்ளைங்ககிட்ட வீட்ல பேசற மாதிரியே உரிமையாப் பேசலாம்ல?

இதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் புண்படுத்தும் இடம். யாரும் எதிர்பார்க்காததால் வலி கூடுகிறது. லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ வளர்ந்தவர் முகத்தாலும் பெயராலும் நம்மவர், அலுவலக நகைச்சுவையில் முழு பிரிட்டிஷ்காரர். முதல் நாளே "இன்னும் கல்யாணம் ஆகலையா?", "தமிழ் பேசவே வராதா, என்ன தமிழன் நீ?" என்று தொடங்கினால், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் ஆண்டுக்கணக்காகக் கேட்டு நொந்த அதே கேள்விகள் அலுவலகத்துக்குள்ளும் துரத்தி வந்துவிட்டதாக அவர் நினைப்பார். மற்ற பிரிட்டிஷ் ஊழியரிடம் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர்களில் பலர் ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். 1983க்குப் பிறகு வீட்டை விட்டு ஓடி வந்த பெற்றோர் வளர்த்தவர்கள். தமிழ்நாட்டு சினிமாவில் ஈழத் தமிழை இழுத்துப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்ததைப் பார்த்து வளர்ந்த நம்மவர்கள், அதே ராகத்தில் "என்ன கதைக்கிறீங்கள்?" என்று தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தமிழ் அவருக்கு அம்மம்மாவின் தமிழ். தயவுசெய்து வேண்டாம். அகதி, படகு, புலி என்று எந்தச் சொல்லையும் ஜோக்குக்குள் கொண்டுவர வேண்டாம். சாதி கண்டுபிடிக்கும் குறுக்குக் கேள்விகளும் அப்படியே.

அவர்களாக வந்து "அண்ணா", "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினால் நல்லது. அதுவரை மற்றவர்களை எப்படிப் பெயர் சொல்லி அழைக்கிறீர்களோ அப்படியே அழையுங்கள்.

மழை, ட்ரெயின், சாப்பாடு, இங்கிலாந்து கிரிக்கெட்… நாட்டையே கிண்டல் பண்ணா?

மழையும் ட்ரெயினும் பொதுச் சொத்து, தாராளமாகச் செய்யுங்கள். கிரிக்கெட்டும் சரி, இந்தியா தோற்ற மறுநாள் நீங்கள் வாங்கிக்கொள்ளத் தயார் என்றால். ஸ்காட்லாந்துக்காரரையோ வேல்ஸ்காரரையோ இங்கிலீஷ்காரர் என்று சொல்லி விளையாட வேண்டாம். வட அயர்லாந்துக்காரரிடம் வெடிகுண்டு, மதம் பற்றிய ஜோக் எக்காரணத்தாலும் கூடாது. 1998 அமைதி உடன்படிக்கைக்கு முன்பு நடந்த மோதல்களில் அங்கே ஆளை இழந்த குடும்பங்கள் ஏராளம்.

மேனேஜரைக் கலாய்க்கலாமா? இங்க ஜூனியர் பசங்ககூட அவரை வாரறாங்க.

வாரலாம். மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் கிண்டல் செய்வது அங்கே ஆபத்து குறைந்த திசை. அவருடைய பழைய லேப்டாப், மீட்டிங் மோகம், தோற்கும் அணி என்று முதல் பதிலில் சொன்ன எல்லைக்குள் இருந்தால் போதும். நம் ஊரில் திசை மாறி ஓடும். மேலதிகாரி ஜூனியரை எல்லார் முன்னாலும் ஓட்டுவார், ஜூனியர் சிரித்தாக வேண்டும். நீங்களே டீம் லீட் ஆகும்போது இதை மறந்துவிடாதீர்கள். அப்ரைசல் உங்கள் கையில் இருக்கும்போது உங்கள் கிண்டலுக்கு யாராலும் சமமாகத் திருப்பிச் சொல்ல முடியாது. முதலில் உங்களை வார இடம் கொடுங்கள், பிறகு நீங்கள் தொடங்கலாம்.

எங்க பிரிட்டிஷ் மேனேஜர் சென்னை டீமோட கால்ல "இந்த ரிலீஸ் சொதப்பினா நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்"னு சொன்னார். பசங்க பயந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க. நான் ஆன்சைட்ல இருக்கேன். என்ன செய்யணும்?

மேனேஜர், சென்னை டீம் இரண்டு தரப்பிடமும் பேச வேண்டும், அதுவும் உடனே. அவர் சொன்னதை இரண்டாவது பதிலில் உள்ள அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரு ரிலீஸுக்கு மொத்த டீமின் வேலை என்பது பொருந்தாத அளவு. "நாம எல்லாரும்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் சென்னைப் பையன்களுக்கு முகமும் தெரியவில்லை, குரலும் அரைகுறை. பெஞ்சில் உட்கார்ந்து வேலை போன நண்பர்கள் அவர்களுக்கு இருக்கிறார்கள். பயந்ததில் தப்பே இல்லை.

சென்னை டீமைத் தனியாக அழைத்து, அவர் பேசும் விதம் இது என்று விளக்கி, வேலைக்கு ஆபத்தில்லை என்பதை மேனேஜரிடமே உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள். உறுதி செய்யாமல் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், மூன்றாவது பதிலின் கதை நினைவிருக்கட்டும். சின்னதாகச் சொன்னது பெரிதாகவும் இருக்கலாம்.

மேனேஜரிடம் "உங்க ஜோக் தப்பு" என்று தொடங்க வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்: "நேத்து நீங்க சொன்னதை அவங்க நிஜம்னு எடுத்துக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை பார்த்தாங்க." நல்லவராக இருந்தால் பதறிப்போவார். அடுத்த காலில் அவரே டீமிடம் பேசினால் மிக நல்லது. வேலை, சம்பளம், விசா மூன்றையும் தொலைதூர காலில் ஜோக்காகச் சொல்ல வேண்டாம் என்று அப்போது கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைப் பையன்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சந்தேகம் வந்தால் காலிலேயே "சீரியஸாச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்வியைப் பிரிட்டிஷ்காரர்களே ஒருவரையொருவர் தினமும் கேட்டுக்கொள்கிறார்கள்.